‘இஸ் ரெயினிங் ஹெவிலி’: இட் எங்கே போனது?

கார்த்திகை பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் என் வேலை பாதி மழை, பாதி இலக்கணம். மட்டக்களப்பு டவுனில் இருந்துகொண்டு, கிரான், வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கமிருந்து கள உத்தியோகத்தர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைச் சேர்த்து, ஒழுங்காக்கி, பின்னேரம் கொழும்புக்கு நிலைமை அறிக்கையாக அனுப்ப வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை, அதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, இப்போது அது வேண்டாம். வருடா வருடம் நான் திருத்துகிற பிழைகளில் முதலிடம் பிடிப்பது ஒரு சின்னச் சொல் விடுபடுவது. ‘இட் இஸ் ரெயினிங் ஹெவிலி’ என்று வரவேண்டியது ‘இஸ் ரெயினிங் ஹெவிலி’ என்று வரும். ‘இட் இஸ் டூ லேட் நௌ’ என்பது ‘இஸ் டூ லேட் நௌ’ ஆகிவிடும். (ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், ஏன் என்று பிறகு விளங்கும்.)

விளங்குதுதானே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் விளங்கும். ஆனால் ஒருமுறை வெள்ள நேரத்தில் புலிபாய்ந்தகல் பக்கமிருந்து வந்த செய்தியை அவசரத்துக்கு அப்படியே கொழும்புக்கு ஃபோர்வர்ட் பண்ணினார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘இஸ் ரெயினிங் ஹெவிலி சின்ஸ் மோர்னிங். இஸ் நொட் சேஃப் டு கோ பை ரோட். இஸ் டூ லேட் நௌ டு சென்ட் ட்ரை ரேஷன்ஸ்’. அனுப்பிய தம்பி சொல்ல வந்தது, உலர் உணவு அனுப்புகிற கட்டம் தாண்டிவிட்டது, சனம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, அடுப்பு மூட்ட இடமில்லை, இனிச் சமைத்த சாப்பாடுதான் வேண்டும் என்பது. கொழும்பிலிருந்து வந்த பதில்: ‘நோ, நொட் டூ லேட், ப்ளீஸ் சென்ட்’. அவர்கள் அதைக் கேள்வியாக வாசித்திருந்தார்கள். வட்ஸ்அப்பில் கேள்விக்குறியை யார் போடுகிறார்கள்? ஆங்கிலத்தில் வாக்கியம் ‘இஸ்’ என்று தொடங்கினாலே அது கேள்வி என்றுதான் வாசிப்பவரின் கண் எடுத்துக்கொள்ளும். எழுவாய் முன்னால் வந்தால் செய்தி, ‘இஸ்’ முன்னால் வந்தால் கேள்வி. எங்கள் தம்பி விட்டது இரண்டெழுத்துச் சொல்தான், ஆனால் அது போனதோடு செய்தி கேள்வியாகத் திரும்பிவிட்டது. சமைத்த சாப்பாட்டுக்கு மறுபடி ஃபோன் பண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சொல் ஏன் விடுபடுகிறது என்பதற்கு நான் கேட்டிருக்கிற வழக்கமான விளக்கம், ‘தமிழில் எழுவாய் இல்லாமலே பேசலாம், அதனால்தான்’ என்பது. உண்மைதான், ஆனால் முழுதாக இல்லை. நாம் ‘மழை பெய்யுது’ என்கிறோம், அங்கே மழையே எழுவாய். ‘குளிருது’, ‘இருட்டுது’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கும்போதுதான் எழுவாய் என்று தனியாக ஒன்றும் இல்லை. அப்போதும்கூட வினையின் வாலில் ஒரு ‘து’ இருக்கிறது. ‘குளிர்கிறது’ என்றால் ஒருமை, அஃறிணை என்கிற தகவல் அந்த வாலிலேயே வந்துவிட்டது. ஆங்கில வினைக்கு அப்படி வால் கிடையாது, இருப்பது பேருக்கு ஒரு ‘ஸ்’. அதனால் அந்த மொழி எழுவாய்க்குரிய இடத்தைக் காலியாக விடாது, சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் ‘இட்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். ஃபிரெஞ்சும் ஜெர்மனும் இதையேதான் செய்கின்றன. ஸ்பானிஷில் ‘யுவேவே’ என்று ஒற்றை வினையோடு மழை பெய்து முடிந்துவிடும். எங்கள் அம்பாறை அலுவலகத்தில் சிங்களம் பேசும் நண்பர்களிடமும் இதே பிழை உண்டு, ‘வஹினவா’ என்று ஒரே சொல்லில் மழையைச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள்.

இன்னொரு காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இட் என்றால் ‘அது’ என்று நாலாம் ஐந்தாம் வகுப்பிலேயே பாடமாக்கி விடுகிறோம். புத்தியுள்ள பிள்ளை யோசிக்கும்தானே, ‘அது மழை பெய்கிறது’ என்று யாராவது சொல்வார்களா? எது பிந்திவிட்டது, எது கனமாகப் பெய்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. பதில் இல்லாத சொல்லை அந்தப் பிள்ளை விட்டுவிடுகிறது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றுவதில்லை.

ஆனால் நான் அதிகம் பேச நினைப்பது மூன்றாவது காரணத்தைப் பற்றி, ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை. ‘இட் இஸ்’ பேச்சில் ‘இட்ஸ்’ ஆகிறது. வேகமாகப் பேசுகிற ஆங்கிலேயர் வாயில் அந்த முதல் ‘இ’கூடத் தேய்ந்துபோய் வெறும் ‘ட்ஸ் ரெயினிங்’ என்றுதான் கேட்கும். நமக்கோ சொல்லின் கடைசியில் ‘ட்ஸ்’ என்று இரண்டு மெய்யை ஒட்டி உச்சரிக்கிற பழக்கம் தமிழில் இல்லை. நாக்கு ஒன்றை விட்டுவிடும், விடுவது பெரும்பாலும் ‘ட்’. மிஞ்சுவது ‘இஸ் ரெயினிங்’. ஆகவே பிள்ளை மனதில் ‘இட்ஸ்’ என்றுதான் நினைக்கிறது, காதில் ‘இஸ்’, கையில் ‘இஸ்’. இந்தப் பிள்ளைக்கு இலக்கண விதி நன்றாகவே தெரியும். அதற்குப் போய் எழுவாய் பயனிலைப் பாடம் நடத்தினால் தலையாட்டிவிட்டு நாளைக்கும் அதையே எழுதும்.

இரண்டு வகையையும் பிரித்தறிய நான் பயன்படுத்துகிற வழி மிகச் சின்னது. வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றச் சொல்வேன். ‘நேற்று பலத்த மழை பெய்துகொண்டிருந்தது, இதை இங்கிலீஷில எழுதுங்க’. ‘இட் வாஸ் ரெயினிங்’ என்று எழுதினால் பிழை ஒலியில் இருக்கிறது, ஏனென்றால் ‘இட் வாஸ்’ சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை, ‘ட்’ தப்பிப் பிழைக்கிறது. ‘வாஸ் ரெயினிங்’ என்று எழுதினால் விஷயம் வேறு, அங்கே எழுவாய்க்கான இடமே மனதில் இல்லை. சந்தேகம் இருந்தால் எதிர்காலத்துக்கும் போகலாம், ‘இட் வில் பீ டூ லேட்’ வருகிறதா, ‘வில் பீ டூ லேட்’ வருகிறதா என்று.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. முதல் மாதம் முழுக்க ‘இஸ் டிஃபிகல்ட்’, ‘இஸ் ஃபார் ஃப்ரம் த மெயின் ரோட்’. அவளுடைய பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இறந்த காலத்தில் எழுதிய இடமெல்லாம் ‘இட் வாஸ்’ ஒழுங்காக இருந்தது. “நீங்க இட் இஸ்ஸைச் சுருக்காம ரெண்டு சொல்லா எழுதுங்க, எழுதேக்க வாய்க்குள்ள ரெண்டாச் சொல்லுங்க” என்றேன். “அவ்வளவுதானா அண்ணன்?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அடுத்த கிழமையே பிழை போய்விட்டது.

புலிபாய்ந்தகல் தம்பி மற்ற வகை. ‘வாஸ் ரெயினிங்’, ‘வில் பீ லேட்’, ‘டேக்ஸ் டூ அவர்ஸ் பை போட்’ என்று எல்லாக் காலத்திலும் எழுவாய் இல்லை. அவருக்குச் சொன்னது வேறு: வினையில் விரல் வையுங்கள், இடப்பக்கம் என்ன இருக்கிறது பாருங்கள், ஒன்றுமில்லாவிட்டால் ‘இட்’ போடுங்கள். இது வேலை செய்தது, ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. ‘ஹியர் இஸ் ரெயினிங்’, ‘வாகரை இஸ் ரெயினிங்’ என்று எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் ஏதோ ஒரு சொல் இருக்கிறதுதானே! தமிழில் ‘இங்க மழை பெய்யுது’, ‘வாகரையில மழை’ என்று இடத்தை முதலில் வைத்துத்தானே தொடங்குகிறோம், அந்த இடப்பெயர் எழுவாய்க் கதிரையில் ஏறிவிட்டது. அப்புறம் விதியைக் கொஞ்சம் இறுக்கினேன். இடப்பக்கம் நிற்பது அந்த வினையைச் செய்யுமா என்று கேளுங்கள். வாகரை பெய்யுமா? பெய்யாது. அப்போ ‘இட் இஸ் ரெயினிங் இன் வாகரை’. ‘டுடே இஸ் வெரி ஹொட்’ என்பது சரி, ஏனென்றால் ஒரு நாள் சூடாக இருக்கலாம். ‘டுடே இஸ் ரெயினிங்’ சரியில்லை, நாள் பெய்யாது.

அதைவிடப் பிடிவாதமானது துணை வாக்கியம். முதல் வாக்கியத்தில் ‘இட்’ ஒழுங்காக வந்தவர்களும் ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘வென்’ வந்ததும் தவறவிடுவார்கள்: ‘வி ஸ்டொப்ட் த ட்ராக்டர் பிகாஸ் வாஸ் கெட்டிங் டார்க்’. வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் எழுவாயைத் தேடிப் பழகியதன் விளைவு இது. ஒரு வாக்கியத்தில் இரண்டு வினை இருந்தால் இரண்டு தரம் விரல் வைக்க வேண்டும்.

ஒருநாள் அந்தத் தம்பி நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “அண்ணன், கொழும்பில இருக்கிற வெள்ளைக்காரர் ‘ரெயினிங் ஹியர் டூ’ என்டு மெசேஜ் போடுறார், அவர் மட்டும் விடலாமா?” விடலாம். ஆனால் அவர் எதை விட்டார் என்று பார்க்க வேண்டும். இட்டை மட்டும் விடவில்லை, ‘இஸ்’ஸையும் சேர்த்து விட்டிருக்கிறார். ‘ரெயினிங் ஹியர்’, ‘டூ லேட் நௌ’ என்று இரண்டையும் விட்டால் அது அவசரக் குறிப்பு, ஆங்கிலேயர் எல்லோரும் எழுதுவது, கேள்வி என்று யாரும் குழம்புவதில்லை. ‘லுக்ஸ் லைக் ரெயின்’ என்று வேறு வினை வந்தால் ‘இட்’ இல்லாமலும் பேச்சில் ஓடும். ‘இஸ் ரெயினிங்’ என்ற பாதி வழிதான் அவர்களிடம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு ஏற்பாடு: வட்ஸ்அப்பில் இரண்டையும் விடுங்கள், அறிக்கையில் இரண்டையும் போடுங்கள். போன மாரியில் கிரான் பக்கம் தாம்போதியில் தண்ணீர் ஏறியபோது வந்த செய்தி ‘ரெயினிங் ஹெவிலி. நொட் சேஃப் பை ரோட். டூ லேட் ஃபோர் ட்ரை ரேஷன்ஸ், சென்ட் குக்ட் மீல்ஸ்’. கொழும்பில் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, சாப்பாட்டுக்கு ஒப்புதல் அன்று பின்னேரமே வந்துவிட்டது.