பூச்சி மாத்திரையும் பிறந்த தேதியும்

காங்கேயம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரி 10, தேசிய குடற்புழு நீக்க நாள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. அங்கன்வாடியும் எங்கள் வளாகத்திலேயே இருப்பதால் அந்தக் குழந்தைகளுக்கும் நானே துணைக்கு நின்றேன்.

மாத்திரை ஒன்றுதான்: 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். இரண்டு வயது நிறைந்தவர்கள் முதல் 19 வயது வரை எல்லோருக்கும் முழு மாத்திரை. ஒரு வயது நிறைந்து இரண்டு நிறையாதவர்களுக்குப் பாதி. ஒரு வயதுக்குள் கொடுப்பதே இல்லை. பள்ளி வகுப்புகளில் இதனால் சிக்கல் எதுவும் வரவில்லை. வந்தது அங்கன்வாடியில்தான்.

ஓர் அப்பத்தா தன் பேரனையும், மகள் வயிற்றுப் பேத்தியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பேரன் நல்ல கொழுகொழு பிள்ளை. "மூணு வயசுப் பிள்ளை கனம் இருக்கிறானுங்க டீச்சர், முழுசாகவே கொடுத்துவிடுங்க" என்றார். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்தது மார்ச் மாதம். இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனவே பாதிதான். இந்த மருந்து பெரும்பாலும் குடலிலேயே நின்று புழுவைக் கொல்கிறது, இரத்தத்தில் கொஞ்சம்தான் சேருகிறது. அதனால்தான் எடை பார்க்காமல் வயதை வைத்தே அளவு சொல்கிறார்கள். பேத்தியும் மார்ச்சில் பிறந்தவள்தான், ஆனால் அடுத்த ஆண்டு. பதினொரு மாதம்; அவளுக்கு ஒன்றுமில்லை. ஆகஸ்ட் சுற்றில் பாதி மாத்திரை கிடைக்கும் என்றேன். அப்பத்தாவுக்கு மனம் ஆறவில்லை. வாயில் வைத்ததையெல்லாம் தின்கிறாளே என்று முணுமுணுத்தார்.

பேரனின் பாதி மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து ஊட்டினோம். மூன்று வயது வரை முழு மாத்திரை வாங்கும் பிள்ளைக்கும் இப்படித்தான். அளவைவிட நான் பயப்படுவது இதற்குத்தான்: அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து மாத்திரையைத் திணித்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அழுகை நின்ற பிறகே கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் கண் முன்னாலேயே மென்று விழுங்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமிக்குச் சிறிது நேரத்தில் வயிறு வலித்து வாந்தி வந்தது. புழு அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு. நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டாள். வலி தணியாமல் நீடித்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் கூட்டிப்போயிருப்பேன்.

காய்ச்சலில் இருந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பெயரைக் குறித்து வைத்து, விடுபட்டோர் நாளில் கொடுத்தோம். ஒரு பையனுக்கு மட்டும் அன்றும் கொடுக்கவில்லை. அவனுக்கு வலிப்பு வந்ததுண்டு. மூளையில் நாடாப்புழுக் கட்டி மறைந்திருந்தால் இந்த மருந்தால் அது வீங்கி மறுபடி வலிப்பு வரலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும் என்று செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் அவன் அம்மாவை அனுப்பினோம்.