பேசி முடித்த விலையை மறுபடி பேசுகிறவர்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறவர்களுக்கு, விலையைக் குறைக்கச் சொல்லும் பையரின் அந்த ஃபோன் எப்போது வரும் என்று தெரியும். காஸ்டிங் பேசும்போது வராது, நூல் வாங்கும்போதும் வராது. துணிக்குச் சாயம் ஏறிய பிறகுதான் வரும். "சார், அங்க மார்க்கெட் ரொம்ப டல். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க." பையர் கேட்ட நிறத்தில் சாயம் போட்ட துணியை வெளியே தள்ளினால் ஸ்டாக் லாட் விலைதான் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். உண்மையிலேயே நெருக்கடியில் இருப்பவர், நம் பணம் இறங்குவதற்கு முன்பே வாய் திறந்துவிடுவார் என்பது என் அனுபவம்.

ஒரு ஆர்டரில் இது, நமக்குப் பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி. வழியாகவே வந்தது. 20,000 டி-ஷர்ட், பீஸ் 2.80 டாலர், எல்.சி. திறந்தாகிவிட்டது. சாய நிறத்துக்கான மாதிரித் துண்டான லேப் டிப்புக்கு பையர் தாமதமாக ஒப்புதல் கொடுத்ததால் ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தோம். வந்த திருத்தத்தில் தேதி தள்ளியிருந்தது. கூடவே விலை 2.65 ஆகியிருந்தது. மொத்தத்தில் 3,000 டாலர் அடி.

தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்றார் எங்கள் அக்கவுண்டன்ட். முடியாது. எல்.சி.களுக்கான யு.சி.பி. 600 விதிகளில் 10ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு திருத்தத்தில் பாதியை ஏற்றால் முழுவதையும் மறுத்ததாகவே கணக்கு. அதே பிரிவில் நமக்குப் பாதுகாப்பும் இருக்கிறது: நாம் ஒப்புக்கொள்ளாத வரை பழைய எல்.சி. அப்படியே செல்லும், பையர் தனியாக மாற்ற முடியாது. ஆனால் புதிய விலையில் இன்வாய்ஸ் போட்டு, திருத்தத்துக்குப் பொருந்துகிற மாதிரி டாக்குமெண்ட் கொடுத்துவிட்டால், அதுவே சம்மதம் ஆகிவிடும். அவசரத்தில் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

திருத்தத்தை ஏற்கவில்லை என்று வங்கிக்கு அன்றே எழுதிக் கொடுத்தோம். பையருக்கு லேப் டிப் அனுப்பிய தேதியையும் ஒப்புதல் வந்த தேதியையும் இணைத்து, தேதிக்கு மட்டும் தனித் திருத்தம் கேட்டோம். அது வரும்வரை கட்டிங் போடவில்லை. நமக்குத் துணி முடங்கும், சரி. ஆனால் சீசன் தவறினால் அவருடைய கடை அலமாரி காலியாக நிற்கும்.

அப்புறம் 2.72க்கு இறங்கி வந்தார்கள். வெறுமனே குறைக்க மாட்டோம், எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொரு பீஸுக்கும் தனி பாலிபேக், ஹேங் டேக் இரண்டையும் விட்டால் 4 சென்ட் மிச்சம். 2.76க்கு முடிந்தது. அதைத் திருத்திய ஆர்டரில் எழுதி வாங்கிய பிறகே, அந்த விலைக்கு வந்த புதிய எல்.சி. திருத்தத்தை ஏற்றோம்.

ஏதோ ஒன்றைக் கழிக்காமல் ஒரு சென்ட் விட்டுக்கொடுத்தாலும், முதலில் சொன்ன விலையே பொய் என்று நாமே ஒத்துக்கொண்டது போல ஆகும். அதே பையர் இன்ஸ்பெக்‌ஷனில் நிறம் மாறியிருக்கிறது என்று மறுபடி தள்ளுபடி கேட்டார். நிறம் எவ்வளவு வரை மாறலாம் என்று காட்டும், அவர்கள் கையெழுத்துப் போட்ட ஷேட் பேண்டை மேஜையில் விரித்து, துணியை அதன் பக்கத்தில் வைத்தோம். சரக்கு 2.76க்கே போனது.