நெல்லை அறுப்போம், கீரையைக் கிள்ளுவோம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆடை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கும் இடையில் ஓடும் கடிதங்களை எழுதுவதுதான் என் வேலையில் பாதி. தமிழ் வழியில் படித்தவன் நான். என் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் என்னைப் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் முதல் சில ஆண்டுகள் என்னை விடவே இல்லை. அந்தப் பயத்தில் எழுதிய ஒரு சொல் ஓர் ஆர்டரை நான்கு நாட்கள் நிறுத்தி வைத்தது.

அது தைத்த பிறகு சலவை செய்து அனுப்ப வேண்டிய டி-ஷர்ட். சலவைக்குப் பின் உடல் நீளம் 72 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். துணி சுருங்கும் என்பதால், துணியை வெட்ட அச்சாக வைக்கும் பேட்டர்னை முன்கூட்டியே நீளமாக வெட்டுவோம். எவ்வளவு நீளம் என்பதைச் சோதனைதான் சொல்லும். துணியில் 50 சென்டிமீட்டர் அளந்து குறியிட்டு, துவைத்து உலர்த்தி, மீண்டும் அளப்போம். மாதிரித் துணியில் அது 47.5 ஆனது, அதாவது 5 சதவீதச் சுருக்கம். அதன்படி பேட்டர்ன் நீளத்தை 75.8 சென்டிமீட்டர் என்று வைத்தோம். ஆனால் சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒரு லாட் துணி 46.5க்குச் சுருங்கியது. சுருக்கம் 7 சதவீதம். அந்த லாட்டுக்கு மட்டும் பேட்டர்னை 77.4 ஆக்க வேண்டும். 1.6 சென்டிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். தொழிலில் இது அன்றாட விஷயம்.

இதை டென்மார்க்கில் இருந்த பையரின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க உட்கார்ந்தேன். அளவை மாற்றினோம் என்பதற்கு முதலில் 'சேஞ்ச்' என்றுதான் எழுதினேன். அது ஐந்தாம் வகுப்புச் சொல்லாகப் பட்டது. வேர்டில் அந்தச் சொல்லின் மீது கர்சரை வைத்து Shift+F7 அழுத்தினால் ஏறக்குறைய அதே பொருள் தரும் இணைச்சொற்களின் பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தொட்டேன், அதற்கு இன்னொரு பட்டியல் விரிந்தது. அதிலும் ஒன்றைத் தொட்டேன். இப்படி நாலைந்து படி தாண்டி 'மேனிபுலேட்' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். கம்பீரமாக இருந்தது. ஆய்வக முடிவுகளைத் தொடர்ந்து அளவுகள் தக்கவாறு 'மேனிபுலேட்' செய்யப்பட்டுவிட்டன என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் வந்த பதிலில் வாழ்த்துக்கூட இல்லை. எந்த அளவுகளை, யார் சொல்லி மாற்றினீர்கள், சோதனை அறிக்கைகளின் மூலப் பிரதிகளை உடனே அனுப்புங்கள் என்று இருந்தது. அளவுக்கும் கணக்குக்கும் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால் அதற்குத் திரித்தல், மோசடியாக மாற்றுதல் என்றுதான் பெரும்பாலும் பொருள். முறையாகச் செய்த வேலையை நானே திருட்டுத்தனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விளக்கம் கொடுத்து, அறிக்கைகளை அனுப்பி, தொலைபேசியில் பேசித் தீரும்வரை கட்டிங் மேசையில் துணி விரித்தபடியே கிடந்தது.

இணைச்சொல் அகராதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852இல் அதை வெளியிட்டபோது சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கினார். பொருள் விளக்கம் எழுதவில்லை. சொல் முன்பே தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்பவருக்கான கருவி அது. பட்டியலைப் பார்த்ததும் இதுதான் நான் தேடியது என்று அடையாளம் காணக்கூடியவருக்கு அது உதவும். முதல்முறையாக ஒரு சொல்லை அங்கே சந்திப்பவருக்கு அந்தச் சொல் எதோடு சேரும், எதோடு சேராது என்று அது சொல்லாது.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. நாம் நெல்லை அறுப்போம், கீரையைக் கிள்ளுவோம், பூவைப் பறிப்போம், வாழைத்தாரை வெட்டுவோம். எல்லாமே செடியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலைதான். தமிழ் கற்கும் ஒருவர் பட்டியலைப் பார்த்து 'நேற்று வயலில் நெல் கிள்ளினோம்' என்று எழுதினால், அவர் சொல்ல வந்த அறுவடை நம் கண்ணுக்கு வராது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. என் கடிதத்திலும் இலக்கணப் பிழை இல்லை.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் பையரிடமிருந்து வந்த பழைய கடிதங்களில் அதைத் தேடிப் பார்ப்பேன். அவர்கள் அதே பொருளில், அதே மாதிரியான வாக்கியத்தில் அதைப் பயன்படுத்தியிருந்தால் எழுதுவேன். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். 'மேனிபுலேட்' ஓரிடத்தில்கூட இல்லை. 'சேஞ்ச்', 'அட்ஜஸ்ட்' என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. இன்னொன்று, தொலைபேசியில் அந்த அதிகாரியிடம் பேசும்போது அந்தச் சொல் என் வாயில் வருமா என்று கேட்டுக்கொள்வேன். டேனிஷ்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது. நான் அகராதியில் தேடி எடுத்த சொல்லை அவரும் அகராதியில் தேடிக்கொண்டிருந்திருக்கலாம்.

சொல்லைவிட வாக்கியத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. நம் அலுவலகத் தமிழில் 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதுகிறோமே, அதே நோய் என் ஆங்கிலத்திலும் இருந்தது. யார் செய்தது என்பது மறைந்துவிடும். இன்று அதே செய்தியை நான்கு வாக்கியங்களில் எழுதுவேன். இந்த லாட்டின் நீளச் சுருக்கம் 7 சதவீதம், மாதிரியில் 5 சதவீதம். அதனால் இந்த லாட்டுக்கு மட்டும் பேட்டர்னை 1.6 சென்டிமீட்டர் நீட்டினோம். சலவைக்குப் பின் நீளம் 72 சென்டிமீட்டரே இருக்கும். அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்குப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றும் தேவையில்லை.

ஆனால் எளிமை என்று சொல்லித் தொழில் சொற்களில் கை வைக்கக் கூடாது. எங்கள் பிரிவில் சேர்ந்த ஒரு பெண், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் கற்றிருந்தார். நிறம் மாறுபட்ட ஒரு லாட்டைப் பற்றிய கடிதத்தில் முதல் வரியில் 'லாட்' என்றும் மூன்றாம் வரியில் 'கன்சைன்மென்ட்' என்றும் எழுதினார். லாட் என்றால் ஒரே தடவையில் சாயமேற்றிய துணி. கன்சைன்மென்ட் என்றால் கப்பலில் போகும் மொத்தச் சரக்கு. சரக்கு முழுவதிலும் நிறப் பிரச்சினையா என்று பையர் பதறிப்போனார். ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதும், பத்து முறை வந்தாலும் வரட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே எல்லாவற்றையும் சுருக்கி, 'இன்றே ஒப்புதல் அனுப்புங்கள்' என்ற ஒற்றை வரியை அனுப்பப் போனார். தமிழில் 'ங்கள்' சேர்ந்ததும் மரியாதை வந்துவிடுகிறது, ஆங்கில வினைச்சொல்லில் அது இல்லை; அந்த வரி கட்டளையாகத்தான் ஒலிக்கும். இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். இன்று மாலைக்குள் ஒப்புதல் அனுப்ப முடியுமா என்று கேள்வியாக்கினோம். நாளைக் காலை கட்டிங் தொடங்கினால்தான் 14ஆம் தேதிக் கப்பலைப் பிடிக்க முடியும் என்ற காரணத்தையும் அடுத்த வரியில் சேர்த்தோம். பழைய வரியைவிட நீளம்தான். மாலை ஐந்தரைக்கு ஒப்புதல் வந்தது.