ஆறாவது தீர்மானம்

"கூட்டத்தில் நீங்களும்தானே இருந்தீங்க தம்பி? பேரைப் போட வேண்டியதுதானே?" சங்கத் தலைவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் தமிழில் மொழிபெயர்த்த அந்தக் கூட்டத்தின் ஆங்கில மினிட்ஸில் ஆறாவது தீர்மானம் இவ்வளவுதான்: தண்ணீர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும், ஏ.இ.இ. கண்காணிப்பார். ஆனால் கூட்டம் நடந்தது முழுக்கத் தமிழில். உதவிப் பொறியாளர் ஜூன் 5-க்குள் முடித்துத் தருவார் என்று அதிகாரி சொன்னதை நானும் கேட்டேன். குறிப்பெடுத்தவர் எழுதியதில் வேலையைச் செய்கிறவரே காணாமல் போயிருந்தார். ஏ.இ.இ. என்பவர் உதவி செயற்பொறியாளர், உதவிப் பொறியாளருக்கு மேலே இருப்பவர். கண்காணிக்கிறவர் மட்டும் கண்ணில் பட்டால் வேலையும் அவருடையது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

தேதி அதைவிட மோசம். திறப்பு என்றால் நம் பக்கத்தில் மேட்டூர், ஜூன் 12 என்று மனதில் பதிந்திருக்கிறது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும், கடைமடைக்கு இன்னும் தள்ளும். எந்த இடத்துத் திறப்பு என்று சொல்லாவிட்டால், ஆளுக்கு ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒத்துக்கொண்டதாகவே இருப்பார்கள்.

நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். பதவியைச் சுருக்காமல் முழுசாக எழுதினேன். தீர்மானத்துக்குக் கீழே, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாக, "தூர்வாரும் பொறுப்பு யாருடையது, எந்தத் திறப்பு, எந்தத் தேதி என்பவை மூலத்தில் இல்லை" என்று போட்டேன். அதையே கேள்வியாக்கி, மினிட்ஸில் கையெழுத்திட்ட அதிகாரிக்கும் அனுப்பினேன்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். கையெழுத்து இருப்பது ஆங்கிலப் பிரதியில். அதில் இல்லாத பேரைத் தமிழில் நான் சேர்த்திருந்தால், "மினிட்ஸில் அப்படி இல்லையே" என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்கள். மற்ற தீர்மானங்களின் தமிழையும் அப்புறம் யார் நம்புவார்கள்?

ஆனால் தலைவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சொன்ன வார்த்தை தமிழ். ஆங்கிலப் பிரதியே அதன் மொழிபெயர்ப்புதான், அதுவும் அரைகுறையாக. அந்த அரைகுறைக்கு உண்மையாக இருந்துவிட்டு, காதால் கேட்டதை விட்டுவிட்டேனோ? குறிப்பில், "கூட்டத்தில் இப்படிச் சொல்லப்பட்டதாக நினைவு, உறுதி செய்யவும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது மொழிபெயர்ப்பாளர் வேலையா, கூட்டத்துக்கு வந்தவர் வேலையா என்பதில் எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

திருத்திய மினிட்ஸ் வந்தது. உதவிப் பொறியாளர், ஜூன் 5, இரண்டும் இருந்தன. ஆனால் அது கைக்கு வந்தபோது ஜூன் 5-க்கு நாலைந்து நாள்தான் பாக்கி. அதுவரை வாய்க்காலில் பொக்லைன் இறங்கவே இல்லை. பேர் முன்பே இருந்திருந்தால் இறங்கியிருக்குமா? தலைவர் இறங்கியிருக்கும் என்கிறார்.