ஐஇஎல்டிஎஸ் கடிதம்: பக்கத்து மேஜைக்காரருக்கு எழுதுவதுதான் கடினம்

முடிவு வந்துவிட்டது. ரைட்டிங்கில் 7. கனடாவில் குடியேற, அந்நாட்டின் மொழித்தர அளவான சிஎல்பியில் 9 காட்ட எனக்குத் தேவைப்பட்டது அதுதான். அரைப் புள்ளி குறைந்திருந்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்த நிம்மதியில் எழுதுகிறேன், கொஞ்சம் அதிகாரத் தொனி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஜெனரல் டிரெய்னிங் எழுதுகிறவர்களுக்கு மட்டும். அதிலும் முதல் கேள்வியான கடிதத்தில் "டியர்" என்று தொடங்கும் தலைவரியையும் கடைசி மூன்று வரிகளையும் பற்றி மட்டும். 150 சொல், 20 நிமிடம், கட்டுரைக்கு இரட்டிப்பு மதிப்பு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் வேலை என்பதால், கடிதம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், எங்கள் தொழிலில் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே அச்சுதான். மேலே "டியர் சார்", கீழே "தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்". துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் அதுதான், சாயப்பட்டறை மேலாளருக்கும் அதுதான், சாம்பிள் பிரிவில் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் அதுதான். அலுவலகத்தில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை, ஷிப்மென்ட் போய்விடும். தேர்வில் மட்டும் அந்த அச்சு உடனே பல்லைக் காட்டிவிடும்.

காரணம் மதிப்பெண் அளவுகோலிலேயே இருக்கிறது. டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற தலைப்பின் கீழ், தொனி கடைசி வரை ஒரே மாதிரியாகவும் பொருத்தமாகவும் இருந்தால் 7. நோக்கம் பொதுவாகத் தெளிவாக இருந்து தொனி மட்டும் ஆங்காங்கே பிசகினால் 6. தொனி அலைபாய்ந்து சில இடங்களில் பொருந்தாமலே போனால் 5. தலைவரிக்கென்றும் முடிப்புக்கென்றும் தனி மதிப்பெண் கிடையாது. தவறான ஒரு முடிப்பு மட்டும் யாரையும் கவிழ்த்துவிடாது. ஆனால் கடிதம் யாருக்கு என்பதை நாம் புரிந்துகொண்டோமா இல்லையா என்பதை அந்த இரண்டு இடங்களைப் போல வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

எல்லோரும் பயப்படுவது முகம் தெரியாத அதிகாரிக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்துத்தான். எனக்குத் தெரிந்தவரை நம் ஊர்க்காரர்கள் வழுக்குவது அங்கே இல்லை, உடன் வேலை செய்பவருக்கு எழுதும்போதுதான். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நாம் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க, உட்காருங்க" என்று அழைத்து வளர்ந்தவர்கள். மரியாதை கூடிவிட்டால் தவறாகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் தோழி ஒருவரும் என்னோடு சேர்ந்து படித்தார். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை. அவர் கொடுத்த கேள்வி இது: இரண்டு வாரம் விடுப்பில் போகிறீர்கள்; உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட சக ஊழியருக்குக் கடிதம் எழுதுங்கள்; என்ன செய்ய வேண்டும், கோப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி நன்றி காட்டப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தோழி "டியர் கொலீக்" என்று தொடங்கினார். அடுத்த வரி, "ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்". நடுவில் எல்லாம் சரி. கோப்பு, ஆர்டர், தேதி எதிலும் குறையில்லை. முடிவில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்", அதற்குக் கீழே "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி".

பேராசிரியை படித்துவிட்டு, "இது யாருக்குக் கண்ணு? கலெக்டருக்கா?" என்று கேட்டார்.

பிறகு இலக்கணத்தைத் தொடாமல் முக்கியமாக நான்கு இடங்களை மாற்றினார். "கொலீக்" போய் அந்த இடத்தில் ஒரு பெயர் வந்தது: "டியர் மீனா". கூட வேலை செய்பவருக்குப் பெயர் இல்லாமல் இருக்குமா? அடுத்த வரி, "தேங்க்ஸ் அகெய்ன் ஃபார் ஆஃபரிங் டு ஹெல்ப்". அவர் உதவ ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேள்வியே சொல்கிறது. அந்தப் பழைய பேச்சைத் தொட்டுத் தொடங்கினாலே நெருக்கம் வந்துவிடுகிறது. "டூ த நீட்ஃபுல்" இருந்த இடத்தில் "கிவ் மீ எ ரிங் இஃப் எனிதிங் இஸ் அன்க்ளியர்". கடைசியில் "பெஸ்ட் விஷஸ்", அதன் கீழே முதல் பெயர் மட்டும், இனிஷியல் கூடாது. நடுவில் இருந்த "ஐ ஆம்", "கேனாட்" எல்லாம் "ஐ'ம்", "கான்ட்" ஆயின. சொல்லிய செய்தி ஒன்றுகூட மாறவில்லை. மனு கடிதமாகிவிட்டது.

மறுபக்கம் சாய்கிறவர்களும் உண்டு. நெருக்கம் என்றதும் "லாட்ஸ் ஆஃப் லவ்" போட்டுவிடுவார்கள். அது உறவினருக்கும் உயிர்த்தோழிக்கும்தான். அலுவலகத் தோழமைக்கு "பெஸ்ட் விஷஸ்" அல்லது "ஆல் த பெஸ்ட்" போதும். "டேக் கேர்" கூடச் செல்லும்.

இனி மேலாளர். இங்கேதான் யோசிக்க வேண்டும், ஏனெனில் இரண்டு வழியுமே சரி. ஆங்கிலம் பேசும் நாடுகளில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது சாதாரணம். "டியர் சூசன்" என்று தொடங்கி "கைண்ட் ரிகார்ட்ஸ்" என்று முடித்தால் எந்தப் பழுதும் இல்லை. "டியர் மிஸ்டர் பிரவுன்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". இரண்டில் எதை எடுப்பது என்பதைச் சொல்லப்போகும் விஷயம் தீர்மானிக்கட்டும். பயிற்சி வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்வதற்குப் பெயர் போதும். சம்பளம், இடமாற்றம், புகார் என்றால் குடும்பப் பெயரோடு போவது பாதுகாப்பு. என் சுபாவத்துக்கு நான் எப்போதும் மிஸ்டர் பிரவுன்தான். முதலாளியைப் பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வராது. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள், ஆனால் பாதியில் மாறாதீர்கள்.

தமிழர்கள் எளிதில் விழும் ஒரு குழி இந்த இடத்தில் இருக்கிறது. நமக்கு ஒரே பெயர், முன்னால் இனிஷியல். ஆகவே "மிஸ்டர் செந்தில்" நமக்கு இயல்பாக வருகிறது. அதே பழக்கத்தில் "மிஸ்டர் ஜான்" என்றும் எழுதிவிடுகிறோம். "மிஸ்டர்", "மிஸ்" இரண்டுக்கும் பின்னால் அங்கே வருவது குடும்பப் பெயர். கேள்வியில் பெயர் தரப்படாமல் நீங்களே கற்பனை செய்வதானால், பிரவுன், டெய்லர் என்று ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் என்றால், மணமானவரா என்று தெரியாதபோது "மிசஸ்" வேண்டாம். எம், எஸ் இரண்டு எழுத்து போதும். "டியர் மேனேஜர்" என்று எழுதவே எழுதாதீர்கள். பதவிக்குக் கடிதம் எழுதுவது போல இருக்கும்.

முகம் தெரியாத அதிகாரி உண்மையில் மிகச் சுலபம். நகராட்சி, நூலகம், விமான நிறுவனம் எதுவானாலும் "டியர் சார் ஆர் மேடம்", முடிப்பு "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", அதில் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது, கீழே முழுப் பெயர். நலம் விசாரிப்பு கிடையாது. முதல் வாக்கியத்திலேயே எதற்காக எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். நான் முதலில் சேர்ந்த ஒரு பயிற்சி மையத்தில் "திஸ் லெட்டர் ஃபைண்ட்ஸ் யூ இன் த பிங்க் ஆஃப் ஹெல்த்" என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் எழுதுகிறவன் அந்த அலுவலரின் ஆரோக்கியத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அதற்கும் காசு வாங்கினார்கள்.

இப்போது எனக்குக் கைகொடுத்த ஒரே ஒரு உபாயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கேள்வியைப் படித்ததும் தலைவரியைத் தட்டச்சு செய்யுங்கள். உடனே நாலைந்து வரி இடம் விட்டு முடிப்பு வரியையும் பெயரையும் அடித்துவிடுங்கள். அதற்கு முந்தைய கடைசி வாக்கியத்தையும் அப்போதே எழுதிவிடுங்கள்: அதிகாரிக்கு "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ", தோழிக்கு "லெட் மீ நோ". நடுப்பகுதி அப்புறம். முடிப்பு கண்ணெதிரே இருக்கும்போது நடுவில் தொனி தவறினால் உடனே உறுத்தும். கடைசி நிமிடப் பதற்றத்தில் கை தானாக "தேங்கிங் யூ" என்று போவதும் நின்றுவிடும்.

முடித்தபின் நடுப்பகுதியைப் பார்க்காமல் மேல் வரியையும் கீழ் மூன்று வரியையும் மட்டும் படியுங்கள். அதை வைத்தே யாருக்கு எழுதியது என்று ஊகிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எங்கோ அச்சு புகுந்துவிட்டது.

அடித்துத் தள்ள வேண்டியவை, வரிசை எதுவும் இல்லாமல்:

- "ரெஸ்பெக்டட் சார்". நம் பள்ளி விடுப்புக் கடிதத்தோடு அது முடியட்டும்.
- "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி". அதுவும் அங்கேயே.
- "டு ஹூம் இட் மே கன்சர்ன்". சான்றிதழுக்கு உரியது, இந்தத் தேர்வின் கடிதத்துக்கு வேண்டாம்.
- "டியர் ஃபிரெண்ட்". பெயர் வையுங்கள்.
- முகவரி, தேதி. முகவரி தேவையில்லை என்று கேள்வியிலேயே அச்சிட்டிருக்கிறது.
- கேள்வியில் "டியர் சார் ஆர் மேடம்" என்று கொடுத்திருந்தால் அதைத் திருத்தி அழகுபடுத்துவது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது கணினித் தேர்வு. அதில் இடம் விடுவதும் நகர்த்துவதும் சுலபம், சொல் எண்ணிக்கையும் திரையிலேயே தெரியும். தாளில் எழுதுகிறவர்கள் முடிப்பை முன்கூட்டியே விடைத்தாளில் எழுதினால் நடுப்பகுதிக்கு இடம் பற்றாமல் போகலாம். அவர்கள் அந்த மூன்று வரியையும் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் கீழே நகல் எடுத்தால் போதும்.