ஐந்தாவது முறை அழுத்திய Save

விண்ணப்பத்தில் இடுவதற்காக என் லிங்க்ட்இன் பக்கத்தின் முகவரியைச் சுருக்கப் போய், இருந்த வாய்ப்புகள் அனைத்தையும் ஒரே மாலையில் தீர்த்துவிட்டேன். தொடக்கத்தில் கிடைக்கும் முகவரியில் linkedin.com/in/ என்பதை அடுத்துப் பெயரும், அதன் பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்த வால் ஒன்றும் இருக்கும். அந்த வாலை நறுக்குவது மட்டுமே என் நோக்கம். வெறும் பெயரை வேறொருவர் முன்பே எடுத்துவிட்டிருந்ததால், தலைப்பெழுத்தை முன்னால் சேர்த்துச் சேமித்தேன். பிடிக்காமல் பின்னால் மாற்றினேன். பிறகு தொழிலின் பெயரை ஒட்டினேன். பார்க்க எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் Save அழுத்தினேன். ஆறு மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் மாற்ற இயலாது என்பது ஆறாவது முயற்சியில்தான் தெரிந்தது. அதற்குள் ஐந்தாவதில் designer என்பதை desinger என்று தட்டியிருந்தேன்.

முகவரியை முதலில் தாளில் எழுதி, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்த பிறகே தட்டுங்கள். 3 முதல் 100 எழுத்துகள் வரை இருக்கலாம், இடைவெளி கூடாது.

அடுத்த அடி இரண்டு நாளில் விழுந்தது. இணைப்பைத் திறந்தால் பக்கமே வரவில்லை என்று ஒரு நிறுவனத்தின் பணியமர்த்தும் அலுவலர் எழுதினார். முகவரியை மாற்றும் அதே பக்கத்தில் உள்ள Your profile's public visibility என்ற பொத்தானை எப்போதோ நானே அணைத்து வைத்திருந்தேன்; அது அணைந்திருக்கும்வரை, உள்நுழையாமல் வருபவருக்கு எந்த முகவரியும் பயன்படாது. அதை இயக்கிவிட்டு, பழைய வேலைகளையும் கல்வியையும் மட்டும் மறைத்தேன். அந்தப் பக்கத்திலேயே தெரியும் முன்னோட்டத்திலும் அவை இல்லை என்று பார்த்து நிம்மதியடைந்தேன்.

அதுவும் அரைகுறைப் புரிதல்தான். என் தொடர்பில் இல்லாத முன்னாள் சக ஊழியர் ஒருவர், நான் மறைத்ததாக நினைத்த பழைய வேலையைப் பற்றியே தொலைபேசியில் விசாரித்தார். அவர் தம் கணக்கில் உள்நுழைந்து பார்த்திருக்கிறார். பகுதிவாரியாக அணைக்கும் இந்தப் பொத்தான்கள் உள்நுழையாத பார்வையாளருக்கானவை. கணக்கு வைத்திருப்பவர் நம் தொடர்பில் இல்லாவிட்டாலும் அவரை இவை தடுப்பதில்லை. புகைப்படத்துக்கு மட்டும், தொடர்பில் உள்ளவர்கள், உறுப்பினர் அனைவரும், எல்லோரும் எனத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க இயலும். உறுப்பினர் எவரும் அறியக் கூடாத வேலை என்றால் அதைச் சுயவிவரத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று புரிந்துகொண்டு, அன்றே நீக்கினேன். தேடுபொறியின் முடிவுகளிலோ பழைய வரிகள் உடனே மறையவில்லை. அவை புதுப்பிக்கப்படச் சில வாரங்கள் ஆகலாம்.

desinger என்னுடன் இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அதுவரை விண்ணப்பத்தில் முகவரியை வெளிப்படையாக எழுதாமல், ‘சுயவிவரம்’ என்ற சொல்லுக்கு அடியில் இணைப்பாக வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.