குவார்ட்டரும் லித்தியமும்: 0.3, 0.8, 1.7

மனநல வார்டில், மனம் அளவு மீறி எழும்பியும் பிறகு சோர்ந்தும் மாறும் பைபோலார் நோயாளிகளோடு வேலை பார்க்கும் எங்களுக்கு அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "லித்தியம் கேட்கவே மாட்டேங்குது சார், டோஸை ஏத்துங்க." குடியும் கூடவே இருந்தால் இந்த வாக்கியத்தை நம்பி டோஸை ஏற்றக் கூடாது. ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவருடைய கதையைப் பாருங்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

வயது 36, வெல்டிங் பட்டறை வேலை. ஆறு வருடமாக பைபோலார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 900 மில்லிகிராம் லித்தியம். ஒரு வருடத்துக்குள் மூன்றாவது முறையாக மேனியா என்னும் அந்த எழுச்சி வந்து கூட்டிவந்தார்கள். நாலு நாளாகத் தூக்கமில்லை, பட்டறைக்கு மூன்று லட்சத்துக்கு மெஷின் ஆர்டர் கொடுத்துவிட்டார், பேச்சு நிற்கவில்லை. கையில் இருந்த சீட்டில் அடுத்து 1200 ஆக்கலாம் என்று எழுதியிருந்தது. வந்தன்று ரத்தத்தில் லித்தியம் 0.3. வேலை செய்ய வேண்டுமானால் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். முந்திய இரவு மாத்திரையை அவர் தொடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம்: "குடிக்கிற அன்னிக்கு ராத்திரி மாத்திரையை என்னம்மா செய்வாரு?" மனைவி யோசிக்காமல் சொன்னார்: "அன்னிக்குப் போட மாட்டாருங்க. ரெண்டும் சேரக்கூடாதுன்னு மருந்துக்கடையில சொன்னாங்கல்ல." வாரத்தில் நாலு நாள் குடி. ஏழு இரவில் மூன்று இரவுதான் லித்தியம் உள்ளே போயிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி ஆபத்தில் முடியலாம். லித்தியம் அப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் மருந்து இல்லை. அளவு ஏறி இறங்கினால் மேனியாவுக்குக் கதவு திறந்ததுபோல் ஆகும். குடித்துவிட்ட நாளில் எந்த மாத்திரையைப் போடுவது, எதை விடுவது என்பதை மருத்துவரிடம் மாத்திரை வாரியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வாந்தியோ பேதியோ இருந்தால் என்ன செய்வது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

குடிப்பதற்கு அவர் சொன்ன காரணம் தூக்கம். குடித்ததும் கண் அசரும், உண்மைதான். போதை இறங்கும்போது, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு, முழிப்பு தட்டிவிடும். மற்றவர்களுக்கு அது மறுநாள் அசதி. பைபோலார் உள்ளவருக்கு இரண்டு மூன்று இரவு அப்படிப் போனாலே மேனியா கிளம்பலாம்.

அளவு கேட்டோம். "ஒரே ஒரு குவார்ட்டர்தான்." டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் சாராயம் 42.8 சதவீதம். 180 மில்லியில் சுமார் 77 மில்லி, எடையில் கிட்டத்தட்ட 60 கிராம். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஒரு அலகு. ஒரு குவார்ட்டர் என்றால் ஆறு அலகு. மேனியா தொடங்கியபின் தினமும் ஆஃப் பாட்டில் என்று மனைவி சொன்னதும் எங்கள் கவலை வேறு பக்கம் திரும்பியது. இப்படிக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் வியர்வை, நடுக்கம், ஆள் இடம் தெரியாத குழப்பம் வரலாம். வீட்டில் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் முதல் ஐந்தாறு நாள் குளோர்டயசிபாக்சைடு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. இந்த வரிசை மாறினால் மூளைக்குக் கேடு வரலாம். மேனியாவுக்கான மருந்தும் கூடவே ஓடியது. சிலவகை மனநோய் மருந்துகள் வலிப்பை எளிதாக்கும் என்பதால் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். மனநோய் முற்றிவிட்டதாக வீட்டார் அழுதார்கள். நாள் கணக்கு, கை நடுக்கம், வேகமான நாடி எல்லாம் குடி நிறுத்தியதன் விளைவையே காட்டின. இரண்டு நாளில் பூச்சி போய்விட்டது. குடியை விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் காட்சியோ குரலோ தொடர்ந்தால்தான் அதைத் தனி மனநோய் என்று யோசிப்பது வழக்கம்.

சிறுநீரகம், தைராய்டு பார்த்துவிட்டு லித்தியத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். 1200 இல்லை, அதே பழைய 900. நர்ஸ் எதிரிலேயே தினமும் விழுங்கினார். ஏழாம் நாள் காலை அளவு 0.8. மருந்து எப்போதும் வேலை செய்யக்கூடியதுதான், வயிற்றுக்குள் போகவில்லை, அவ்வளவே. சீட்டில் இருந்தபடி 1200 ஆக்கியிருந்தால், அவர் குடியை விட்டு ஒழுங்காகப் போடத் தொடங்கிய வாரமே அளவு மேல் எல்லையைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்குப் போகும்போது குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், ஈரல் பரிசோதனை பார்த்த பிறகு. மனைவியின் பையில் இன்னொன்றும் இருந்தது: குழம்பில் தெரியாமல் கலந்துவிடச் சொல்லி யாரோ கொடுத்த பொடி. அதை வாங்கி வைத்துக்கொண்டோம். இப்படி விற்கும் பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். தெரியாமல் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மூளையில் டோபமைன் வேறு பொருளாக மாறுவதையும் அது தடுப்பதால் மேனியாவையும் மனப்பிறழ்வையும் கிளறலாம். கணவரிடம் மறைத்து எதையும் கொடுக்க வேண்டாம் என்று மனைவிக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

இரண்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், நண்பன் வீட்டு விசேஷத்தில் ஒருமுறை குடித்தார். ராத்திரி முழுக்க வாந்தி. தாளில் எழுதியதை மறந்து லித்தியத்தைப் போட்டுவிட்டார். காலையில் தலைவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், பிறகு பட்டறை, வியர்வை. மாலையில் தள்ளாடினார், நாக்கு குழறியது, கை பெரிதாக உதறியது. அண்ணன்காரர், "மறுபடி ஏத்திட்டான், படுத்துத் தூங்கட்டும்" என்றார். மனைவி மட்டும் வாயருகே முகர்ந்து பார்த்திருக்கிறார். வாடை இல்லை. போன் போட்டார்: "குடிக்காமலே குடிச்ச மாதிரி நடக்குறாருங்க." உடனே கூட்டிவரச் சொன்னோம்.

அளவு 1.7. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் அதையேதான் செய்யும். லித்தியத்தை நிறுத்தி சலைன் ஏற்றி, அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் 0.7க்கு இறங்கியபின் மறுபடி தொடங்கினார்கள். மாத்திரைத் தாளில் மனைவியே பேனாவால் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "வாடை இல்லாம தள்ளாடினா, அப்பவே ஆஸ்பத்திரி."